லேத் அண்ணனின் முப்பத்தொரு வருஷம்

தையல் அக்கா எங்கள் பம்பு கம்பெனி ஆபீசுக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவாள். வருஷக் கணக்கு முடிந்த மறுவாரம், விரலில் ஊசி குத்திய தழும்புகளோடு வந்து, கணக்கு எழுதும் என் மேஜைக்கு எதிரே உட்காருவாள். டீ வேண்டாம் என்பாள். கொடுத்தால் குடித்துவிடுவாள்.

"இப்ப எத்தனை வருஷம், கணக்கம்மா?"

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடைப் பட்டியலைத் திறந்து, நான் அவள் வீட்டுக்காரர் வரியைக் காட்டுவேன். போன வருஷம் முப்பது. அதற்கு முந்தின வருஷம் இருபத்தொன்பது. தொகையை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாஸாகிவிட்டது என்று கேள்விப்பட்டவள் மாதிரி எழுந்து போவாள்.

அவள் வீட்டுக்காரர், எங்கள் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டிய லேத் அண்ணன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில், ஃபேனுக்குக் கண்டென்சர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீடு என்று அக்கா தேடாத இடமில்லை. சண்டை இல்லை, கடனில்லை. வைதுகூடத் தீர்த்துக்கொள்ள வழியில்லாமல் ஒரு மனுஷன் போனால் எப்படி இருக்கும் என்று அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் இன்றைக்கும், "அவர் வெளிய போயிருக்காரு" என்றுதான் சொல்கிறாள்.

ராஜினாமா கடிதம் இல்லை, வேலைநீக்கமும் இல்லை. அதனால் முதலாளி அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. கடைசிச் சம்பளம் முப்பத்தோராயிரத்து இருநூறு. மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்று வகுத்தால் ஒருநாள் கூலி ஆயிரத்து இருநூறு. ஒரு வருஷ சேவைக்குப் பதினைந்து நாள் கூலி, அதாவது பதினெட்டாயிரம். ஆள் போகிற அன்றைக்கு மொத்தத்தையும் செலவு எழுதினால் அந்த வருஷ லாபம் படுத்துவிடும். அதனால் கூடுகிற தொகையை அந்தந்த வருஷமே செலவில் எழுதி, கொடுக்க வேண்டிய பொறுப்பாகச் சேர்த்துவைப்போம். சேர்ந்த தேதியிலிருந்து வருஷக் கடைசிவரை பட்டியல் தானாகவே எண்ணிக்கொள்ளும். ஆள் வந்தாரா என்று அது கேட்காது.

இந்த வருஷம் ஆடிட்டர் கேட்டுவிட்டார்.

"சம்பளமே போகல, முப்பத்தோரு வருஷம் எப்படிம்மா வந்துச்சு?"

எனக்கு முகம் செத்துவிட்டது. எட்டு வருஷமாக என் கையாலேயே தப்புக் கணக்கு. தெரிந்து செய்தேனா, தெரியாமலா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியாது. கடைசியாக வேலைக்கு வந்த நாளோடு சேவையை நிறுத்தச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் இருபத்துமூன்று. நாலு லட்சத்துப் பதினாலாயிரம். அதிகமாக ஏற்றியிருந்த ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரத்தைப் பொறுப்பிலிருந்து கழித்து, ஒரே வரியில் திருப்பி எழுதினேன்.

மறுவாரம் அக்கா வந்தாள். நான் பட்டியலைத் திறக்காமலே விஷயத்தைச் சொன்னேன்.

"இருபத்துமூணா?" என்றாள். "முதல் தடவை வந்தப்ப பாத்தது இல்ல அது?"

"ஆமாக்கா."

"அப்ப இந்த எட்டு வருஷம்?"

நான் டீயை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தொடவில்லை.

மிச்சத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "நாமினி நீங்கதான் அக்கா. காணாமப் போனவங்களுக்குச் சட்டம் சொல்ற ஏழு வருஷம் தாண்டிடுச்சு. அவர் இல்லைன்னு கோர்ட்ல உத்தரவு வாங்கிட்டு வந்தா, நாலு லட்சத்துப் பதினாலாயிரமும் உங்க கைக்கு வந்துடும். வாடகைக்குக் கஷ்டப்பட வேண்டாம்."

"இல்லைன்னு யார் சொல்லணும்?"

"நீங்கதான் மனு போடணும்."

மடியில் இருந்த பையின் வாரை அக்கா சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள். கஷ்டம் இல்லாமல் இல்லை. இரண்டு மாத வாடகை பாக்கி என்று எனக்கே தெரியும்.

"போடலன்னா?"

"அவர் பேர்லயே நிக்கும். கூடாது, குறையாது."

"நிக்கட்டும்."

எழுந்து கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். குரலில் கோபம் இருந்தது. எட்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் கோபம்.

"அவர் கணக்குல கறாரு. வந்தா, ஏன் குறைச்சீங்கன்னு நேரா உங்ககிட்டதான் சண்டைக்கு வருவாரு. நான் தடுக்க மாட்டேன்."

"வரட்டும் அக்கா," என்றேன்.