மூடிக்குள் எழுதிய பேர்

செல்லூரில் கருத்தக்கண்ணனின் மோட்டார் பட்டறையில் பாண்டீஸ்வரி பதினோரு வருசமாகச் செம்புக்கம்பி சுற்றுகிறாள். பெரிய மோட்டார் வந்தால் அங்கே இரண்டு பேர் சேர்ந்துதான் வேலை. அவள் கம்பியைக் காயிலாகச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குவாள். மலைச்சாமி கம்பி முனைகளைச் சேர்த்துப் பற்றவைப்பார். ஆனால் வேலை அட்டையில் பொறுப்பு என்ற இடத்தில் ஒரே ஒரு பேர்தான். அதையே கனெக்‌ஷன் பெட்டி மூடியின் உள்பக்கமும் பெயின்டில் எழுதுவார்கள். மோட்டார் திரும்பி வந்தால் அந்தப் பேர்க்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனை வருசமும் அது மலைச்சாமி பேர். முக்கால்வாசி வேலை அவளுடையது, பேர் மட்டும் அவருடையது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? இந்தச் சித்திரையில் முதலாளியிடம் நேரிலேயே கேட்டுவிட்டாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் ஊரின் நாற்பது குதிரைச் சக்தி குடிதண்ணீர் மோட்டாரை அவர் அவள் பேரில் எழுதினார். மூடியைப் போனில் படம் பிடித்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள்.

பொறுப்பு என்றால் ஒவ்வொரு முனையையும் டேப் சுற்றும் முன்பே பார்த்தாக வேண்டும். கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சுத்தமாகச் சுரண்டாமல் பற்றவைத்தால் பார்வைக்கு ஒட்டியிருக்கும், கரண்ட் சரியாகப் போகாது. மூடியபிறகு மெகர் மீட்டர் வைத்துச் சோதித்தாலும் அது தெரியாது. மெகர் கசிவைத்தான் சொல்லும்.

அந்த மோட்டாரில், மத்தியானம் அவள் சாப்பிட்டு வருவதற்குள் மலைச்சாமி எல்லாவற்றையும் டேப் சுற்றி முடித்திருந்தார். அவருக்குக் கண் மங்கி வருவது பட்டறைக்கே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. பிரித்துக் காட்டுங்கள் என்று சொல்ல அவளுக்கும் நாக்கு வரவில்லை. பேர் கிடைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று அவர் நினைப்பாரோ என்ற கூச்சம். அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இருபதே நாளில் மோட்டார் லாரியில் திரும்பி வந்தது. மூன்று இழை சேரும் ஓர் இடத்தில் ஓர் இழை சுரண்டப்படவே இல்லை. மற்ற இரண்டும் பாரம் தாங்காமல் சூடேறி, அந்த முனையே கருகியிருந்தது. கூட வந்தவர்கள், கொளுத்துகிற வெயிலில் ஊரே நாலு நாளாகக் குடத்தோடு அலைவதாகச் சொன்னார்கள். பாண்டீஸ்வரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அது நான் பத்தவச்ச எடம், மொதலாளி,” என்றார் மலைச்சாமி.

கருத்தக்கண்ணன் கோபப்படக்கூட இல்லை. அட்டையை எடுத்துக் காட்டினார். “பேரு யாருதுண்ணே?”

அவள்தான் பதில் சொன்னாள். “என் பேருதான். பாக்காம கையெழுத்துப் போட்டது நான்தான்.”

மூடியில் இருந்த அவள் பேரை அழித்துவிட்டு மறுபடியும் மலைச்சாமி பேரை எழுதினார்கள். அவள் புதுக் காயில் சுற்றி இறக்கினாள். மத்தியானம் சாப்பிட்டு வந்தபோது முனைகள் எல்லாம் பற்றவைத்து, ஒன்றில்கூட டேப் இல்லாமல் திறந்து கிடந்தன. மலைச்சாமி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்.

“கொஞ்சம் பாத்துச் சொல்லு, தாயி. எனக்கு சரியாத் தெரியல.”

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

“அன்னைக்கும் இப்பிடித் தெறந்து வச்சிருக்கலாம்லண்ணே,” என்றாள். அவர் டேப்பைக் கையில் எடுத்தார்.