மங்கலாக்காமல் போன படம்

எல்லாருக்கும் அவள் எடிட்டர் அக்கா. கல்யாண வீடியோக்களில் மாமியார்கள் முறைப்பதை வெட்டி எறிந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியவள். கணவர் போன பிறகு ஸ்டூடியோவின் சின்ன அறையும் பத்தாவது படிக்கும் மகளும்தான் அவளுக்கு எல்லாம்.

மகள் படிக்கும் பள்ளியிலிருந்து, பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ செய்யும் வேலை வந்தது. செல்போன் செயலிகள் என்னென்ன அனுமதி கேட்கின்றன, எதை மறுக்கலாம் என்று குட்டிக் குட்டிக் காட்சிகள். 'டார்ச் அடிக்க என் மாமா நம்பர் எதுக்குடா?' என்று ஒரு பையன் கேட்பான். நடுநடுவே செட்டிங்ஸில் எங்கே தொட வேண்டும் என்று திரையைப் பதிவு செய்து காட்ட வேண்டும். அவள் போன் அரதப் பழசு. மகளிடம் கேட்டாள்.

"எதையும் நோண்டக் கூடாதும்மா."

"உன் ரகசியத்த வெச்சு நான் என்னடி பண்ணப் போறேன்? செட்டிங்ஸ மட்டும் எடுத்துட்டுக் குடுத்துடறேன்."

ஒரு செயலிக்கு எல்லாப் படங்களையும் திறந்துவிடாமல், 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்பதைத் தொட்டுக் காட்டினாள். தேர்ந்தெடுக்கச் சொல்லி, போனில் இருந்த படங்கள் கட்டம் கட்டமாக விரிந்தன. அதில் ஒன்று, முடி கொட்டித் திட்டுத் திட்டாகிப் போன தலையோடு மகள். தோல் டாக்டருக்கு அனுப்ப எடுத்தது. பள்ளிக்கு அவள் விக் வைத்துக்கொண்டுதான் போகிறாள். அங்கே ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியாது.

எடிட் செய்யும்போது அந்தக் கட்டங்களை ஒழுங்காகத்தான் மங்கலாக்கினாள். அது பெரிய திரைக்கான வீடியோ. போனில் பார்க்க நெட்டுக்குத்தாக இன்னொன்றும் வேண்டும் என்றார் ஸ்டூடியோ முதலாளி.

"சீக்கிரம்மா, ஸ்கூல்ல கழுத்தப் புடிக்கிறாங்க."

அவசரத்தில் மூலப் பதிவிலிருந்தே வெட்டி அனுப்பிவிட்டாள். அதில் மங்கல் இல்லை. போதாக்குறைக்கு, நெட்டுக்குத்தில் படங்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

மறுநாள் சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"உன் வீடியோவ கிளாஸ் குரூப்புல போட்டாங்க. ஒருத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டா. அத பெருசு பண்ணிக் காட்டி, 'இது நீதானே'ன்னு எல்லார் முன்னாலயும் கேக்கறா."

எடிட்டர் அக்கா முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினாள். "எல்லா எடத்துலயும் எடுக்கச் சொல்லுங்க!"

"குரூப்புல அழிச்சாச்சும்மா. எறக்கி வெச்சவங்க போனுக்குள்ள நான் எப்படிப் போறது?"

அனுமதியை நிறுத்தினால் இனி எடுப்பதுதான் நிற்கும், ஏற்கெனவே போனது திரும்பாது என்று அந்த வீடியோவிலேயே எழுத்தாக ஓடவிட்டவள் அவள்தான். போனைக் கீழே வைத்தாள்.

"கண்ணு, வேணும்னு செய்யலடி..."

"செட்டிங்ஸ மட்டும்னு சொல்லித்தானே வாங்கின?"

மகள் விக்கைக் கழற்றிக் கட்டிலில் வீசினாள்.

"நாளைக்குப் போகமாட்டேன். நாளான்னைக்கும் போகமாட்டேன். ஸ்கூல்ல போய்ச் சொல்லிக்கோ."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், அம்மாவின் கை பட்டதும் இன்னும் தள்ளிப் படுத்தாள்.