மூன்றாவது புகார்

அந்த மருந்துக் கிடங்கில் அவளுக்கு இஸ்திரி மேடம் என்று பெயர். ஊழியர் பிரிவுக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். மேனேஜர் செல்போனில் கசக்கி எறியும் வார்த்தைகளை எடுத்து, மடிப்புக் கலையாத கடிதமாக்கிக் கொடுப்பதுதான் அவளுடைய முக்கால்வாசி வேலை. வீட்டிலும் இந்தப் பெயர் தெரிந்துபோயிற்று. "ஊருக்கெல்லாம் இஸ்திரி போடற, எங்கிட்ட மட்டும் சுருக்கத்தோடயே பேசற" என்பார் கணவர். வேலை போய், வேறு வேலை தேடிக்கொண்டிருந்த மனுஷன் அவர். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மேனேஜரின் பெயர் போனில் மின்னினாலே கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எடுப்பாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண், ஒரு கடிதத்தில் மேனேஜரை எதிர்த்துப் பேசி, அந்த மாதமே வீட்டுக்குப் போனவள்.

அன்றைக்கும் பெயர் மின்னியது.

"அந்த நெட்டையன் சரியில்ல. தூங்குமூஞ்சி. ரெண்டு மூணு தடவ மருந்த மாத்தி அனுப்பிட்டான். கடைக்காரன் போன் போட்டுக் காது கிழியக் கத்தறான். இவனோட மாரடிக்க முடியாது. காட்டமா ஒரு லெட்டர் அடிச்சு வை. சாயங்காலம் நான் ஊருக்குக் கிளம்பணும்."

நெட்டையன் என்றது பேக்கிங் பிரிவில் இருந்தவரை. ஏணியே இல்லாமல் மேல்தட்டுப் பெட்டியை இறக்குகிற உயரம். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம்.

அவள் வழக்கம்போல வேலையில் இறங்கினாள். தூங்குமூஞ்சி என்பதை முதலில் தூக்கி எறிந்தாள். எச்சரிக்கைக் கடிதத்தில் ஆளைப் பற்றிப் பேசக்கூடாது, அவர் செய்த காரியத்தைப் பற்றித்தான் பேசவேண்டும் என்பதில் அவள் கறார். காது கிழிந்தது 'வாடிக்கையாளர்களிடமிருந்து புகார்கள் பெறப்பட்டுள்ளன' என்று ஆயிற்று. மாரடிப்பது 'முன்னேற்றம் காணப்படாவிட்டால் விதிகளின்படி மேல்நடவடிக்கை எடுக்க நேரிடும்' என்று ஆயிற்று. ஒவ்வொரு பெட்டியையும் மூடுமுன் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற விதியைக் குறிப்பிட்டாள். திருந்த அவகாசம் கொடுத்தாள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தரலாம் என்றும், கையெழுத்து என்பது கடிதம் கிடைத்ததற்கு மட்டுமே, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்றும் கடைசியில் சேர்த்தாள்.

நடுவில் ஒரு இடம் உதைத்தது. ரெண்டு மூணு தடவ. கடிதத்தில் அப்படி எழுத முடியுமா? புகார்ப் பதிவேடு பீரோவில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். தேதி கேட்டு மேனேஜருக்குச் செய்தி போட்டாள். "எல்லாம் நானே சொல்லணுமா? அடிம்மா சீக்கிரம்" என்று பதில் வந்தது. அவள் பயந்துபோய், 'கடந்த மூன்று மாதங்களில் மூன்று முறை' என்று அடித்தாள். 'விவரம் இணைப்பில்' என்று போட்டுவிட்டு, இணைப்பை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். மூன்று என்றால் அந்த நிறுவனத்தின் விதிப்படி அது முதல் எச்சரிக்கை ஆகாது, இறுதி எச்சரிக்கை. இன்னொரு தவறு நடந்தால் ஆள் வெளியே. அவள் தலைப்பையும் அதற்கேற்ப மாற்றினாள். கடிதம் அத்தனை கச்சிதமாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நெட்டையண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

மறுநாள் சாவி கிடைத்ததும் இணைப்புக்காகப் பதிவேட்டைப் பிரித்தாள். இரண்டு புகார்தான் இருந்தன. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரர்களின் மின்னஞ்சலைத் துழாவினாள். திரும்பி வந்த சரக்குச் சீட்டுகளைப் புரட்டினாள். மூன்றாவது எங்கேயும் இல்லை. அது அவள் அடித்த கடிதத்தில் மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று கணவர் கேட்டதற்கு, தலைவலி என்றாள். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த தவறில் நெட்டையண்ணன் வேலை போகும். இரண்டில் எது என்று மனசுக்குள் கேட்கும்போதெல்லாம், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவர் வேலைதான் போகட்டும் என்று ஒரு மூலையில் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளை இன்னும் பயமுறுத்தியது.

மேனேஜர் திரும்பிய அன்று எப்படியோ அவர் அறைக்குள் போய்விட்டாள்.

"சார், நெட்டையண்ணன் லெட்டர்ல... புகார் ரெண்டுதான் சார் இருக்கு. வாபஸ் வாங்கிட்டு, முதல் எச்சரிக்கையா மாத்திக் குடுத்துடலாமா?"

அவர் நிமிர்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் ரெண்டு மூணுன்னுதானே சொன்னேன்? மூணுன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"வாபஸ் வாங்கினா நாளைக்கு ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான். அவன் பதில் எழுதட்டும். இல்லன்னு சொன்னா பாத்துக்கலாம். ஒத்துக்கிட்டான்னா விஷயம் முடிஞ்சுது. நீ வாயைத் தொறக்காத. உனக்கும் நல்லது."

வெளியே வந்தவள் கைகழுவும் இடத்தில் போய் நின்றாள். நெட்டையண்ணன் மறுத்து எழுதிவிடுவார், யாராக இருந்தாலும் எழுதத்தானே செய்வார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எழுதிவிட்டால் தான் வாயே திறக்கவேண்டாம். அந்த நப்பாசையோடுதான் பேக்கிங் பிரிவுக்குப் போனாள்.

அவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுமுன் பில்லை ஒருமுறை பார்த்தார், மறுபடி பார்த்தார், பெட்டியைத் திறந்து மூன்றாம் முறையும் பார்த்தார்.

"அண்ணே, பதில் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மேடம். நானே கொண்டுவந்து தரலாம்னு இருந்தேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். மூன்று தவறுகளையும் ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்கவும் என்று இருந்தது.

"மூணையும் ஒத்துக்கிட்டீங்களா?"

"எனக்கு ரெண்டுதான் மேடம் ஞாபகம் இருக்கு. மூணாவது எந்தக் கடைன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. ஆனா நீங்க எழுதினா சரியாத்தானே இருக்கும்? செஞ்சதே மறந்து போற அளவுக்கு ஆயிட்டேன்னா பெரிய வியாதியா இருக்குமோன்னு பயமா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு வீட்டுக்காரி அழறா. வேலை போனாக்கூட வேற பாத்துக்கலாம் மேடம். மூளை போச்சுன்னா என்ன பண்றது?"

மேனேஜர் அறையின் கண்ணாடி அங்கிருந்தே தெரிந்தது. உள்ளே அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது நீங்க பண்ணலண்ணே" என்றாள். "அப்படி ஒரு புகாரே வரல. பாக்காம நான் எழுதினது. தப்பு என்னோடது."

அவள் அந்தத் தாளைக் கிழித்தாள். புதுத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நடந்தது ரெண்டுதான், மூணாவது புகாரோட நகலைக் குடுங்கன்னு எழுதுங்க. அது இல்லன்னு பதிவேட்டைப் பாத்து நான் தனியாக் கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வைக்கறேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆகிடாதே மேடம்?"

"ஆகும்ணே" என்றாள். பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. "நீங்க எழுதுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போனை வைத்துவிட்டு எழுந்தார். நெட்டையண்ணன் பேனாவை எடுத்தார், எடுத்த கையோடு கீழே வைத்துவிட்டார். முதலில் வீட்டுக்குத்தான் போன் போட்டார்.

"ஏய், நான்தான். அழாத, ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். ரெண்டுதானாம். எனக்கு ஞாபகம் இருந்தது சரிதானாம்."