“ஒங்க வீட்டுல தெரியுதா?”

அன்று மாலை நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் ஊர்க் குழாய்களில் தண்ணீர் வந்தது. எல்லா வீட்டிலும் குடங்கள் நிரம்பின.
2. தொலைக்காட்சியில் நாடகம் தொடங்கியது. எல்லா வீட்டிலும் கதவுகள் சாத்தப்பட்டன.
3. தண்ணீர் திறந்து விடுகிறவர் எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஓடி வந்தார்.
4. ஊரே காத்திருந்த நாடகத்தை, அதன் முக்கியமான கட்டத்தில், என் அம்மா நிறுத்தினார்.

நான்காவதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எங்கள் ஊர் மாலைப் பொழுது எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் அது புரியாது.

காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பாதான் ஊருக்குக் கேபிள் இணைப்பு கொடுத்தவர். அப்பா கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பார். மாடியில் இருந்த கண்ட்ரோல் ரூமை அம்மா பார்த்துக்கொள்வார். ஊரில் அம்மாவுக்குக் ‘கேபிள்காரம்மா’ என்றே பெயர்.

அம்மா மணமாகி வந்த காலத்தில் ஊரில் சில வீடுகளில்தான் டி.வி. இருந்ததாம். மொட்டைமாடியில் ஆண்டெனா, ஒளிபரப்புக் கோபுரம் இருந்த கொடைக்கானல் மலையைப் பார்த்தபடி நிற்கும். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், கீழே இருப்பவரிடம் “தெரியுதா?” என்று கத்துவார். மலையில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்து வருவதால், திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள் நிற்பான். அதையும் பொருட்படுத்தாமல் ஒரு தெருவே ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்திருக்கிறது. டி.வி. இருந்த வீட்டுக்குக் கதவு சாத்த வழியே இருந்திருக்காது.

கேபிள் வந்ததும் இது மாறியது. வீட்டுக்கு வீடு டி.வி., கை நிறையச் சேனல்கள், தினமும் நாடகம். பெண்கள் உலையைச் சீக்கிரமே வைத்தார்கள். சமையல் முடியாதவர்கள் அடுப்படியில் இருந்தபடியே நாடகத்தைக் காதால் கேட்டார்கள். அதற்காகவே சத்தம் கூடுதலாக வைக்கப்பட்டது. விருந்தாளிகள்கூட “நாடகம் முடிஞ்சு வாரோம்” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். பாதி நாடகத்தில் குழாயடிக்குப் போக முடியவில்லை என்று பெண்கள் கேட்டுக்கொண்டதால், தண்ணீர் திறக்கும் நேரமும் நாடகத்துக்கு முன்னால் நகர்ந்தது. ஒரு ஊரின் குழாய் நேரத்தை எங்கோ இருக்கும் ஒரு சேனலின் நிகழ்ச்சி நிரல் முடிவு செய்தது என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பழைய காலத்திலிருந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கேள்வி. திடீரென்று படம் நின்றால், கோளாறு நம் வீட்டிலா ஊர் முழுக்கவா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்துக் கேட்பதுதான்: “ஒங்க வீட்டுல தெரியுதா?”

அன்றைக்கு வருகிறேன். அந்த நாடகத்தில் நீதிமன்றத் தீர்ப்பு வரும் நாள் அது. பல வாரங்களாக இழுத்து வந்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் மழையில் எங்கள் இணைப்பு அடிக்கடி அறுந்து, ஊரில் நல்ல கோபம். பக்கத்து ஊர் கேபிள்காரர் எங்கள் தெரு முனை வரைக்கும் ஒயர் இழுத்து வைத்திருந்தார். இன்னொரு முறை நாடகம் நின்றால் அவரிடம் மாறிவிடுவோம் என்று பலர் நேரிலேயே சொல்லியிருந்தார்கள். தேனிக்கு ஒரு வேலையாகக் கிளம்பிய அப்பா, “இன்னைக்கு மட்டும் எதையும் தொட்டுராத” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாடகம் தொடங்கிச் சற்று நேரத்தில் தண்ணீர் திறக்கிறவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது.

“மதினி, தண்ணியக் குடிக்க வேணாம்னு சொல்லணும். தோட்டத்துல மருந்து கலக்குன டிரம்மு ஊர்க் கெணத்துக்குள்ள சரிஞ்சிருச்சாம். இப்பத்தான் தோட்டத்து ஆளுக வந்து சொன்னாக. வால்வ அடைச்சிட்டேன். ஆனா எல்லாத் தெருவுக்கும் போயிருச்சு.”

“மைக்குல சொல்ல வேண்டியதுதான?”

“கோயில் மைக்குல தொண்ட கிழியச் சொன்னேன். ஒரு கதவு தெறக்கல. வீட்டுக்கு வீடு அந்த வக்கீலம்மா கத்துற சத்தந்தான் கேக்குது.”

திராட்சைக்கு அடிக்கும் மருந்து என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் உடனே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல் இருந்தது. அதன் அடியில் ஓடும் எழுத்தாகப் போடலாம் என்றேன்.

“விளம்பரம் வந்தாத்தான் லோக்கலுக்கு மாத்துவாக. இன்னைக்கு அதுக்கும் மாத்த மாட்டாக, தீர்ப்பு தப்பிப் போயிருமுல்ல” என்றார் அம்மா. “அடுப்படியில நிக்கிறவ எழுத்தையா படிக்கப் போறா? அவதான் அந்தத் தண்ணியில கொழம்பு வைக்கிறா.”

“அப்ப லைன்மேனக் கூப்பிட்டுக் கரண்ட நிறுத்தச் சொல்லவா?” என்றார் வந்தவர்.

“கரண்டு போனா மைக்கும் போயிரும். அதோட கரண்டு போனா எவரு வெளிய வாராக? தெனமும் போறதுதானன்னு விசிறிய எடுத்துக்கிருவாக.” அம்மா எழுந்தார். “கரண்டு இருக்கணும், படம் மட்டும் போகணும். நீங்க மைக்குக்குப் போங்க. ஊர நான் வெளிய கூட்டியாறேன்.”

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஓடினார். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

அம்மாவின் கை ஆம்ப்ளிஃபையர் சுவிட்சுக்குப் போனது. அங்கேதான் நான் தடுத்தேன். கண்ட்ரோல் ரூமின் அமைப்பு இதுதான்: மாடியில் இருக்கும் டிஷ் வாங்கும் சிக்னலை ரிசீவர் படமாகவும் சத்தமாகவும் பிரித்துக் கொடுக்கும். மாடுலேட்டர் அவற்றை ஓர் அலைவரிசையில் ஏற்றும். ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி மாடுலேட்டர். எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஆம்ப்ளிஃபையர் வழியாகத் தெருக் கேபிளுக்குப் போகும். ஆம்ப்ளிஃபையரை அணைத்தால் அலையே இருக்காது. அலை இல்லாத டி.வி. என்ன செய்யும்? திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பறக்கும். ‘ஷ்ஷ்’ என்று பெரிய இரைச்சல் போடும். ஊர் முழுக்க அந்த இரைச்சல் எழுந்தால் மைக் மறுபடியும் கேட்காது.

“அம்மா, அலை போய்க்கிட்டே இருக்கட்டும். ஒயர மட்டும் உருவுவோம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி, கருவிகளை அடுக்கியிருந்த ரேக்கின் பின்னால் இருந்தார். ரிசீவரிலிருந்து மாடுலேட்டருக்குப் போகும் ஒயர்களில் மஞ்சள் முனை படம். சிவப்பும் வெள்ளையும் சத்தம். அவற்றை உருவினால் அலை வெறுமையாகப் போகும். திரை இருண்டு, டி.வி. வாய் மூடிக்கொள்ளும். நாடகச் சேனலின் ஒயர்களை அம்மா உருவினார். யாரும் வேறு சேனலுக்குத் தாவிவிடக் கூடாது என்று மற்றத் தமிழ் சேனல்களின் ஒயர்களை நான் உருவினேன். பிறகு இருவரும் மாடி விளிம்புக்கு ஓடினோம்.

அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். எங்கள் ஊரில் மாலையில் அவ்வளவு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிறகு ஒரு தாழ்ப்பாள் சத்தம். இன்னொன்று. தெரு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வாசலாகத் திறந்தது.

“ஏத்தா, ஒங்க வீட்டுல தெரியுதா?”

“இங்கனயும் தெரியல. ஜட்ஜு வாயத் தெறந்தாரு, அம்புட்டுத்தான்!”

“ஏலே, கேபிள் வீட்டுல போய்க் கேளுடா. கேபிள்காரம்மா தூங்கிருச்சா?”

“நாளைக்கே மாத்திப்புடணும் இவுக கனெக்‌ஷன!”

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கோயில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மைக் கரகரத்தது. தண்ணீர் திறக்கிறவரின் குரல், இந்த முறை, திறந்து கிடந்த ஒரு தெருவில் விழுந்தது.

“கொழாத் தண்ணியில மருந்து கலந்திருச்சு. யாரும் குடிக்காதீக. சமைச்சதையும் கொட்டிருங்க.”

 எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் ஓடினார்கள். குடங்கள் வெளியே வந்தன. கொதித்துக்கொண்டிருந்த குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்தபடி ஒருவர் ஓடி வந்து சாக்கடையில் கவிழ்த்தார். எதிர்வீட்டு மருமகள், குழந்தைக்கு மாவு கரைத்து வைத்திருந்த கிண்ணத்தை வாசலில் வீசிவிட்டு, குழந்தையை இடுப்பில் அணைத்தபடி எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.  

மறுநாள் காலையில் சாக்கடையோரம் கோழிகள் செத்துக் கிடந்தன. ஊரில் ஒருவருக்கும் வாந்திகூட வரவில்லை.

தீர்ப்பை மறுநாள் பகல் மறுஒளிபரப்பில் எல்லோரும் பார்த்தார்கள். முதல் நாள் “மாத்திப்புடணும்” என்று கத்தியவரே எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார். “அந்தாளு ஜெயிலுக்குப் போக மாட்டானாம். இதுக்காகவா ஒன்னய வஞ்சேன்?” என்று அம்மாவின் தோளில் இடித்துவிட்டு, கொண்டு வந்திருந்த திராட்சைக் கூடையை வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை, பக்கத்து ஊரிலிருந்து வந்த லாரித் தண்ணீரில் வெகுநேரம் கழுவினார். யாரும் எங்களிடமிருந்து மாறவில்லை. அப்பா மட்டும், “தொடாதன்னு சொன்னேன், மொத்தத்தையும் உருவிப்புட்டியே” என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். புகார் சொல்கிற குரல் அல்ல அது.

நான் இப்போது ஒளிபரப்புத் துறையில் பொறியாளர். சிக்னல் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தொலைக்காட்சி வந்து குடும்பங்களைக் கதவுக்குள் அடைத்துவிட்டது என்று படித்திருக்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதவுகள் எதற்குத் திறக்கும் என்பது என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டெனா காலத்திலிருந்து வந்த ஒரு பழக்கத்தை அவர் கேபிள் காலத்தில் பயன்படுத்தினார்.

இன்றைய நிலை இது. செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு சேனல்கள் நகரத்திலிருந்து நேராக வருகின்றன. எங்கள் மாடியில் உருவுவதற்கு ஒயர் இல்லை. லோக்கல் சேனலும் இல்லை. அம்மாவும் அப்பாவும் இப்போது வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் அவரவர் போனில் அவரவர் நாடகத்தைப் பார்க்கிறார்கள். படம் நின்றால் வாசலுக்கு வருவதில்லை, அம்மாவுக்குப் போன் செய்கிறார்கள். ஊர்க் கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டாகிவிட்டது. அம்மா மட்டும் போனை எடுத்ததும் இன்றைக்கும் முதலில் கேட்பது, “பக்கத்து வீட்டுல தெரியுதான்னு பாத்தியா, ஆத்தா?” என்றுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் இவருடைய மகள் என்ற பெருமை எனக்குள் எழுகிறது.