நாற்பத்தாறு ஸ்லைடும் மூலையில் என் முகமும்

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. காலை எட்டு மணிக்கு என் லேப்டாப் உயிரை விட்டது. புள்ளியியல் ஸ்லைடுகள் மொத்தமும் அதற்குள்தான் இருந்தன.

ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அன்றைக்குக் குறிப்புகளைப் பார்த்து எழுதும் தேர்வு. ஆனால் போன் கூடாது, அச்சடித்த தாள் மட்டும்தான். ஸ்லைடுகளை நானே பிடிஎஃப்பாகத் தருகிறேன் என்று வகுப்பில் பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்கு அது போகாவிட்டால் அறுபது பேரும் வெறுங்கையோடு உட்காருவார்கள். "காப்பி எடுத்து வைக்கத் தெரியாதவங்கல்லாம் எதுக்குப் படிக்க வர்றீங்க" என்று அதே பிள்ளைகளைப் போன மாதம்தான் விளாசியிருந்தேன்.

நல்லவேளையாக, மழை விடுமுறையில் வீட்டிலிருந்து எடுத்த இரண்டு மணி நேர ஆன்லைன் திருப்புதல் வகுப்பின் பதிவு இணையத்தில் பத்திரமாக இருந்தது. திரை முழுக்க ஸ்லைடு, வலது கீழ் மூலையில் சின்னக் கட்டத்தில் நான். என் கணவர் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, தறியில் வரிசையாகக் கோத்து மாட்டும் ஜக்கார்டு அட்டையில் துளை அடித்துத் தருபவர். அவருடைய கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு சின்ன நிரல் எழுதினேன். நொடிக்கு ஒரு படம் எடுக்கும். முந்தைய படத்திலிருந்து மாறியிருந்தால் புது ஸ்லைடு என்று சேமிக்கும். ஓட்டினேன். எண்ணூற்றுச் சொச்சம் படங்கள் வந்து விழுந்தன. ஸ்லைடு மாறவே இல்லை, மாறியது எல்லாம் என் மூஞ்சி. கொட்டாவி விடும் நான், மூக்கைச் சொறியும் நான், பாடத்தின் நடுவே முறுக்கைக் கடிக்கும் நான். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

மூலையை வெட்டி எறிந்தேன். இப்போது வேறு தொல்லை. என் ஸ்லைடுகளில் வரிகள் ஒவ்வொன்றாகத்தான் தோன்றும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் வந்தது. சின்ன மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே, பெரிதாக மாறினால் மட்டும் அதற்கு முந்தைய கடைசிப் படத்தை எடு என்று திருத்தினேன். வரிகள் எல்லாம் நிறைந்த முழு ஸ்லைடு அதுதானே. அழகாக நாற்பத்தைந்து பக்கம் வந்தது. பிடிஎஃப்பாகக் கோத்து அனுப்பப் போனேன்.

அவர் கையைப் பிடித்தார். "இதுல நம்பர் எங்கம்மா? நம்பர் இல்லாத அட்டைய நான் கோக்கவே மாட்டேன். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா சேலையில மயிலுக்குக் கழுத்து இருக்காது."

ஸ்லைடு எண் நான் வெட்டி எறிந்த அதே மூலையில், என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஒப்பிடும்போது மட்டும் மூலையை விட்டுவிடு, சேமிக்கும்போது முழுப்படமாகச் சேமி என்று மாற்றி மறுபடி ஓட்டினேன். எண்கள் திரும்பி வந்தன, கூடவே நானும். பேசிக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போகப் பட்டனை எட்டும் நொடி என்பதால் பக்கத்துக்குப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரண்டு வந்தது.

முப்பத்தொன்றில் மணி வடிவ வரைபடத்தின் ஒரு ஓரம் மட்டும் நிழல், முப்பத்திரண்டில் இரண்டு ஓரமும். ஒருமுனைச் சோதனை, இருமுனைச் சோதனை. அந்தத் துளி வித்தியாசத்தை, நான் சொல்லிக்கொடுத்தபடியே, நிரல் கண்டுகொள்ளவில்லை. வினாத்தாளின் பத்து மதிப்பெண் கேள்வியோ முப்பத்தொன்றிலிருந்துதான். நான்கு நாள் முன்பே அச்சாகிக் கட்டுப்போட்ட தாள். கேள்வியை மாற்றவும் வழியில்லை.

பதிவைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப்பிடித்தேன். கையால் நிறுத்திப் படம் எடுக்க வேண்டியதுதான். எடுத்தேன், கண் பாதி மூடியிருந்தது. கொஞ்சம் தள்ளி எடுத்தேன், கன்னம் உப்பலாக இருந்தது. "பொண்ணு பார்க்கவா வர்றாங்க, அனுப்பும்மா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஐந்தாவது தடவை, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்த நொடி கிடைத்தது. அதைச் செருகி, நாற்பத்தாறையும் ஒருமுறை எண்ணிவிட்டு, பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினேன். முகத்தை மறைக்கவெல்லாம் நேரமில்லை.

இரண்டு மணிக்கு அறுபது மேசையிலும் என் பிளந்த வாய் விரிந்து கிடந்தது. மேற்பார்வைக்கு நின்ற நான் ஜன்னலைப் பார்த்தபடியே மூன்று மணி நேரத்தை ஓட்டினேன்.

தாள்களைக் கட்டும்போது முதல் பெஞ்சுப் பெண் வந்து நின்றாள். பத்து மதிப்பெண் கேள்வியை வகுப்பே முழுசாக எழுதியிருக்கிறது என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, எப்படி என்று கேட்டேன்.

"எல்லாப் பக்கத்துலயும் வாயப் பொளந்துக்கினு இருந்தீங்க மேடம். முப்பத்தொண்ணுல மட்டும் எங்களப் பார்த்து சிரிச்சீங்க. குறிப்பு குடுக்கறீங்கன்னு புரிஞ்சிது."