கடைசி நாள்: (தேதி போடவும்)

நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து, மெல்லிய மல் துணியில் கைக்குழந்தைகளுக்கு ஜபலா தைத்து விற்கிறோம். ராஜபாளையத்தில் நான் தைப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொள்வாள். மூத்தவள் என்பதால் வாயால் அக்கா என்பேன். மனசுக்குள் கூப்பிடுவது வேறு.

இன்ஸ்டா பக்கத்தில் ஒரு பரிசுப் போட்டி வைக்கலாம் என்றாள். பதிவை நான் எழுதி அனுப்பினேன்.

"எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள். இந்தப் பதிவுக்கு லைக் போட்டு, கமெண்டில் இரண்டு தோழிகளை டேக் செய்யுங்கள். ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான். எல்லாப் பெயர்களையும் ஆப்பில் போட்டு, லைவில் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். பரிசு ஐந்து ஜபலா. கடைசி நாள்: (தேதி போடவும்)."

தேதியை அவள் முடிவு செய்து போடட்டும் என்று விட்டிருந்தேன். மகராசி படிக்காமலே அப்படியே பதிவிட்டுவிட்டாள்.

பத்தே நிமிஷத்தில் நான் பார்த்துவிட்டேன். ஒரு போன் போட்டிருந்தால் திருத்தியிருப்பாள். போடவில்லை. "எழுதுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று மாமியார் முன்னால் என்னைக் கேட்டவள்தானே, நாலு பேர் பார்க்க அசிங்கப்படட்டும் என்று இருந்தேன். அது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லைவில் குலுக்கினாள். அன்று வந்த கமெண்டுகளைச் சேர்க்கவில்லை. நேற்றே முடிந்துவிட்டது என்றாள். அவள் தெருக்காரி ஒருத்திக்குப் பரிசு விழுந்தது. பொறவுதான் பதிவில் சனிக்கிழமைத் தேதியைப் போட்டு நிரப்பினாள். பழைய பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தவர்கள் சும்மா விடுவார்களா? உங்கள் தெருவுக்கு மட்டும்தான் போட்டியா என்று கமெண்டில் காறித் துப்பினார்கள்.

போன் வந்தது.

"ஏட்டி, தேதி இல்லன்னு பாத்துட்டுத்தான சும்மா இருந்த?"

"போட்டது நீங்கக்கா. படிச்சுப் பாத்துப் போட்டா கொறஞ்சா போயிருவீக?"

"எம்புட்டு வன்மம் ஒனக்கு! பேரு கெட்டது எனக்கு மட்டுமா?"

வைத்துவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே தைக்க உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிள்ளைக்கு எங்களிடம் பன்னிரண்டு ஜபலா சொல்லியிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம மத்தியானம் நானும் டேக் பண்ணுனேன். சனிக்கெழமையே முடிஞ்சிருச்சுன்னு சொல்லுதாவ. தேதியே போடாம எப்படிக்கா முடியும்? பரிசு கெடக்கட்டும். நான் சொன்ன ஜபலாவும் வேண்டாம். பொய் சொல்றவிய தச்சத எம்பிள்ளைக்கு மொதமொதப் போட மனசு வரலக்கா."

அவளுடைய பதினொரு ஜபலா மடித்து மேஜைமேல் இருந்தன. பன்னிரண்டாவது மெஷினில், ஊசிக்கு அடியில் கிடந்தது.

பொய் சொன்னது நானில்லை என்று பதில் அடித்தேன். அனுப்பாமலே அழித்துவிட்டேன்.