காற்றைக் குறைத்து எழுதச் சொன்னார்

வாரநாள்களில் எனக்குத் தம்போயில் தொழிற்சாலை வேலை. போட்டி இருக்கும் ஞாயிறுகளில் ஜொகூர் பாரு திடலில், நீளம் தாண்டுதலுக்குக் காற்று அளப்பேன். யாரிடமும் பேச வேண்டாம் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். ஓடி வருபவர் நாற்பது மீட்டர் குறியைக் கடந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து விநாடிக் காற்றின் சராசரி வரும். எழுதிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளலாம்.

அன்று சிம்பாங் ரெங்கத்துப் பெண் ஒருத்தி குதித்தாள். அக்கம்பக்கத்து நாடுகள் கூடும் பெரிய விளையாட்டு விழாவுக்கு அவளை அனுப்ப வேண்டுமானால், சென்ற விழாவில் மூன்றாமிடம் பெற்ற தூரத்தை அவள் தொட வேண்டும். பின்காற்று விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால் அந்தத் தூரம் தகுதிக்குச் செல்லாது. தரவரிசையில் இருக்கும் இடத்தைக் காட்டியும் வாய்ப்புக் கேட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் அதில் மேலே ஏற, வெளிநாட்டுப் போட்டிகளில் போய்க் குதிக்க வேண்டும். இவள் பஸ் பிடித்து வந்து குதிப்பவள். தகுதி பெற அன்றுதான் கடைசி நாள்.

ஐந்தாவது தாண்டலில், தேவைக்கு மேல் நான்கு சென்டிமீட்டர்! அவள் மணலைத் தட்டி முடிப்பதற்குள் மாநிலச் சங்கச் செயலாளர் அவளோடு படம் எடுத்து, தகுதி பெற்றாள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். என் கருவி 2.03 காட்டியது. நான் 2.1 என்று எழுதினேன்.

செயலாளர் ஓடி வந்தார்.

"என்னக்கா இது? ரெண்டு புள்ளி சைபர் மூணுன்னா ரெண்டுதானே லா! ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லுமே."

"இதுல மேலதான் ஏத்தணும்ங்க."

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"பாரம் மூணு." ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பு.

"அதான்!"

அவர் பட்டதாரி. விதிப்புத்தகத்தை மட்டும் திறந்ததில்லை. நடுவர் திறந்து காட்டினார்: பின்காற்று நூறில் ஒரு பங்கு கூடினாலும் அடுத்த தசமத்துக்குப் போக வேண்டும்.

"அலமாக்! கொஞ்சம் குறைச்சுப் போட்டா காத்து வந்து கேக்கவா போகுது?" என்றார் செயலாளர் என்னிடம். நான் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

ஆறாவது, கடைசித் தாண்டல். காற்று 0.4. தூரம் தேவையைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. அன்றைய போட்டியில் தங்கம் அவளுக்குத்தான். காற்று கூடினாலும் திடலில் முதலிடம் செல்லும், விமானத்துக்குத்தான் செல்லாது.

பரிசளிப்பில் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். குழு மேலாளராகத் தாம் விழாவுக்குப் போவதாகவும், கோட் தைக்க அளவு கொடுத்தாயிற்று என்றும் சொன்னார். கழுத்தில் தங்கத்தோடு நின்ற பெண் கேட்டாள்:

"அண்ணே, உங்களுக்கு எத்தனை மீட்டர் கேட்டாங்க?"

எல்லோரும் செயலாளரையே பார்த்தார்கள். நான்தான் சிரித்துவிட்டேன், சத்தமாக. அடுத்த போட்டிக்கு என்னைக் கூப்பிடவில்லை.